"இரு முனைகளையும் அணுகாமல்": அந்த வரி எந்த உரையைச் சேர்ந்தது?

"இவ்விரு முனைகளையும் அணுகாமல், ததாகதர் நடுவாக நின்று தம்மத்தைப் போதிக்கிறார்." இப்படி ஒரு வரி, கீழே "புத்தரின் முதல் உரை" என்ற குறிப்போடு உங்கள் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ததாகதர் என்பது புத்தர் தம்மைக் குறிக்கும் சொல். வரி உண்மையானதுதான், பாலி நூல்களில் இருக்கிறது. குறிப்புதான் தவறு. முதல் உரையில் இதற்கு மிக நெருக்கமான ஒரு வாக்கியம் உண்டு, ஆனால் இது அதுவல்ல.

நடுவழி என்றதும் எல்லோருக்கும் முதல் உரை நினைவுக்கு வருவதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. பாலித் திரிபிடகம் என்ற பௌத்த நூல்தொகுப்பில் "இரு முனைகளையும் அணுகாமல்" என்ற தொடர் ஒரே ஓர் உரைக்குச் சொந்தமானதல்ல. வாய்மொழியாக மனப்பாடம் செய்து காக்கப்பட்ட நூல்கள் இவை. ஒரே சொற்கட்டு பல உரைகளில், பல ஆட்களிடம், வேறு வேறு பொருளுக்காகத் திரும்பத் திரும்ப வரும். அதனால் அந்தத் தொடர் மட்டும் கையில் இருந்தால் போதாது. அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் இடம் பிடிபடும்.

முதலில் முதல் உரையையே பார்த்துவிடுவோம். தம்மசக்கப்பவத்தன சுத்தம் என்பது அதன் பெயர், பாலியில் சுத்தம் என்றால் உரை. திரிபிடகத்தின் தொகுதிகளில் ஒன்றான சங்யுத்த நிகாயத்தில் 56ஆம் பகுதியில் 11ஆவது உரை. துறவிகளின் ஒழுங்குவிதிகளைச் சொல்லும் விநய பிடகத்தின் மகாவக்கத்திலும் இதே உரை வருகிறது, ஆகவே இரண்டு இடங்களில் எதைக் குறிப்பிட்டாலும் தவறில்லை. வாரணாசிக்கு அருகே இசிபதனம் என்ற இடத்தில், மான்கள் உலவும் சோலையில், ஐந்து துறவிகளிடம் புத்தர் பேசுகிறார். துறவு பூண்டவர் நாடக்கூடாத இரண்டு முனைகள் உண்டு என்று தொடங்குகிறார். ஒன்று புலன் இன்பங்களில் மூழ்கிக் கிடப்பது. மற்றது உடலை வருத்திக்கொள்வது. இந்த இரண்டையும் அணுகாமல் "ததாகதர் நடுவழியைக் கண்டுணர்ந்தார்" என்று வாக்கியம் முடிகிறது. கண்ணைத் தருவது, அறிவைத் தருவது, அமைதிக்கும் விழிப்புக்கும் விடுதலையான நிப்பானத்துக்கும் இட்டுச்செல்வது என்று அந்த வழிக்கு அடைமொழிகள் தொடர்கின்றன. அது என்ன வழி என்ற கேள்விக்கு எண்வழிப் பாதை பதிலாக வருகிறது.

இதோடு நம் வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் உரையில் நடு என்பது ஒரு வழி, அதை ததாகதர் கண்டுணர்ந்திருக்கிறார். நம் வரியில் வழி என்ற பேச்சே இல்லை. ததாகதர் நடுவாக நின்று போதிக்கிறார், அவ்வளவுதான். பாலியில் முதலாவது `majjhimā paṭipadā`, இரண்டாவது `majjhena ... dhammaṃ deseti`. மொழிபெயர்ப்பில் இரண்டையுமே "நடுவழி" என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு, அங்கேதான் தடம் அழிந்துபோகிறது. ஆகவே தேடத் தொடங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது வினைச்சொல்லை. "கண்டுணர்ந்தார்" என்றால் வாழ்க்கை முறை பற்றிய உரைகளின் பக்கம் போக வேண்டும். "போதிக்கிறார்" என்றால் சங்யுத்த நிகாயத்தின் 12ஆம் பகுதிக்கு, அதாவது சார்ந்து தோன்றுதல் பற்றிய உரைகள் தொகுக்கப்பட்ட நிதான சங்யுத்தத்துக்குப் போக வேண்டும்.

இப்போது நம் வரியின் வீடு எது? நிதான சங்யுத்தத்தில் மட்டும் இந்த வாக்கியம் பல உரைகளில் வருகிறது. அவற்றைப் பிரிக்க உதவுவது, அந்த இரண்டு முனைகள் எவை என்பதுதான்.

மிகவும் புகழ்பெற்றது 12.15, கச்சானகோத்த சுத்தம். கச்சானர் என்ற துறவி வந்து, நற்காட்சி என்கிறார்களே, அது எந்த அளவில் நற்காட்சி ஆகிறது என்று கேட்கிறார். உலகம் பெரும்பாலும் இரண்டைச் சார்ந்து நிற்கிறது, "உண்டு" என்பதையும் "இல்லை" என்பதையும், என்று புத்தர் பதில் சொல்கிறார். உலகம் தோன்றுவதை உள்ளபடி பார்ப்பவருக்கு "இல்லை" என்பது நிற்காது, மறைவதைப் பார்ப்பவருக்கு "உண்டு" என்பது நிற்காது. பிறகு முடிவாக, "எல்லாம் உண்டு என்பது ஒரு முனை, எல்லாம் இல்லை என்பது இரண்டாவது முனை" என்று சொல்லி, நம் வரி வருகிறது. அதன் பின்னே, அறியாமையைச் சார்ந்து சங்காரங்கள் என்ற வினைத்தூண்டல்கள், சங்காரங்களைச் சார்ந்து விஞ்ஞானம் என்ற உணர்வறிவு என்று பன்னிரண்டு கண்ணிகளின் சங்கிலி. எண்வழிப் பாதை இங்கே பதிலாக வருவதில்லை.

12.17இல் அதே வரி, ஆனால் முனைகள் வேறு. ராஜகிருகத்தில் புத்தர் உணவு ஏற்கப் போய்க்கொண்டிருக்கும்போது கஸ்ஸபர் என்ற ஆடையில்லாத துறவி வழியில் நிறுத்திக் கேட்கிறார்: துன்பம் தானே செய்துகொண்டதா, பிறர் செய்ததா, இரண்டுமா, இரண்டும் இல்லையா? எல்லாவற்றுக்கும் "அப்படிச் சொல்லாதே" என்றே பதில் வருகிறது. செய்தவனே அனுபவிக்கிறான் என்றால் அது நிலைபேற்றுக் கொள்கையில் போய் முடியும், செய்பவன் ஒருவன் அனுபவிப்பவன் வேறொருவன் என்றால் அது அழிவுக் கொள்கையில் போய் முடியும் என்று விளக்கியபின் நம் வரி. 12.18இல் திம்பருகர் என்ற அலைந்து திரியும் துறவி இன்பதுன்பத்தைப் பற்றி ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்கிறார். 12.35இலும் அதற்கடுத்த 12.36இலும் உயிரும் உடலும் ஒன்றா, வேறு வேறா என்பதுதான் இரு முனை. 12.46, 12.47, 12.48 மூன்றிலும் கேட்பவர்கள் பிராமணர்கள். முதலில் வருபவர் பெயரில்லாதவர், செய்தவனே அனுபவிக்கிறானா, வேறொருவனா என்பது அவருடைய கேள்வி, 12.17இன் விளக்கத்தில் வந்த அதே முனைகள். அடுத்தவர் ஜாணுஸ்ஸோணி, அவர் கேட்பது கச்சானரிடம் சொல்லப்பட்ட அதே "எல்லாம் உண்டா, எல்லாம் இல்லையா". மூன்றாமவர் ஓர் உலகாயதர். உண்டு, இல்லை என்பதோடு நிற்காமல், எல்லாம் ஒன்றா, எல்லாம் பலவா என்றும் கேட்டுவிடுகிறார்.

ஆக "எல்லாம் உண்டு, எல்லாம் இல்லை" என்ற முனைகள் மேற்கோளில் இருந்தாலும் 12.15 என்று உடனே எழுதிவிட முடியாது. 12.47ஆகவும் இருக்கலாம். இங்கே கைகொடுப்பது விளி. பாலி உரைகளில் ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்பவரை அழைக்கும் சொல் ஒன்று நடுவில் செருகப்பட்டிருக்கும். `kaccāna` என்று இருந்தால் கச்சானர். `brāhmaṇa` என்று இருந்தால் ஜாணுஸ்ஸோணியோ உலகாயதரோ. `kassapa` என்றால் 12.17. 12.35இல் `bhikkhu` என்று ஒருமையில் ஒரே துறவியை அழைக்கிறார், முதல் உரையில் இருப்பதோ `bhikkhave`, "துறவிகளே" என்ற பன்மை. தமிழில் எடுத்தாள்பவர்கள் வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று முதலில் வெட்டி எறிவது இந்த விளியைத்தான். அடையாள அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆளைத் தேடுவது மாதிரி ஆகிவிடுகிறது.

விளியும் கச்சானர், முனைகளும் உண்டு, இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. சங்யுத்த நிகாயம் 22.90, சன்ன சுத்தம். சன்னர் என்ற துறவிக்கு, உடலும் உணர்வும் மற்றவையும் நிலையற்றவை என்பது புரிகிறது, ஆனால் மனம் அதில் அமைதி அடைய மறுக்கிறது. இசிபதனத்தில் இருந்த மூத்தவர்களிடம் கேட்டுப் பார்க்கிறார், அவர்கள் சொன்ன பதில் போதவில்லை. கோசம்பிக்குப் போய், கோசிதாராமத்தில் ஆனந்தரைப் பார்க்கிறார். ஆனந்தர் சொந்தமாக எதையும் சொல்லவில்லை. பகவான் கச்சானகோத்தருக்கு அறிவுரை சொன்னபோது நேரிலேயே கேட்டேன் என்று தொடங்கி, 12.15இன் உரையை அப்படியே ஒப்பிக்கிறார். ஆகவே கச்சானரை அழைக்கும் அந்த வாக்கியம் எழுத்து மாறாமல் இரண்டு இடத்தில் இருக்கிறது. மேற்கோளில் ஆனந்தரோ சன்னரோ தலைகாட்டினால் 22.90. இல்லையென்றால் மூலமான 12.15ஐக் குறிப்பிடுவதே முறை. மூலத்தையும் அதை எடுத்தாண்ட இடத்தையும் பிரித்துச் சொன்னால் இன்னும் நல்லது.

இந்த உரைக்குப் பின்னாளில் கிடைத்த கவனத்துக்கும் ஒரு காரணம் உண்டு. மகாயான பௌத்த அறிஞர் நாகார்ஜுனர் தம் மூலமத்தியமக காரிகையில், 15ஆம் அதிகாரம் 7ஆம் செய்யுளில், "காத்யாயனருக்குச் சொன்ன அறிவுரையில்" உண்டு, இல்லை என்ற இரண்டும் மறுக்கப்பட்டன என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். காத்யாயனர் என்பது கச்சானர் என்ற பெயரின் சமஸ்கிருத வடிவம். அதனால் மகாயான நூல்களைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் "நடு" பற்றி மேற்கோள் வந்தால், அது பெரும்பாலும் இந்தப் பக்கத்திலிருந்துதான் கிளம்பியிருக்கும், முதல் உரையிலிருந்து அல்ல.

சரி, கணினியில் தேடுவது எப்படி? சுத்தசென்ட்ரல் தளத்தில் உள்ள பாலி மூலம் ஆறாம் சங்காயனப் பதிப்பை, அதாவது 1954 முதல் 1956 வரை ரங்கூனில் நடந்த அவையின் பதிப்பை, அடிப்படையாகக் கொண்டது. உரை எண் தெரிந்தால் `sn12.15`, `sn56.11` என்ற வடிவில் நேராகப் போய்ச் சேரலாம். எண் தெரியாதபோது தேட வேண்டிய தொடர் இது:

```
ubho ante anupagamma
```

இதற்கு முன்னால் வரும் சொல்லைச் சேர்க்காதீர்கள். "இவ்விரண்டு" என்ற பொருளில் ஓரிடத்தில் `ete kho` என்றும் இன்னோரிடத்தில் `ete te` என்றும் இருக்கும், அதன் பிறகு விளிச்சொல் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். முழு வாக்கியத்தையும் போட்டால் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். மூன்று சொல் போதும்.

தமிழ் வாசகருக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல். பாலி வரிகளைத் தமிழ் எழுத்தில் படித்திருப்போம்: "உபோ அந்தே அனுபகம்ம". தமிழில் ப என்ற ஓர் எழுத்து p, ph, b, bh நான்குக்கும் நிற்கிறது, க, ச, ட, த ஆகியவற்றுக்கும் இதே கதைதான். நாம் `upo` என்று தட்டினால் எதுவும் வராது, அங்கே இருப்பது `ubho`. இப்படி எந்தச் சொல்லில் சந்தேகம் வந்தாலும், முழுத் தொடரையும் விட்டுவிட்டு அதில் ஐயமில்லாத ஒரு சொல்லை மட்டும் தேடி, கிடைக்கும் முடிவுகளில் கண்ணால் பொறுக்குவது எளிது. சந்தியும் இதே மாதிரி கழுத்தறுக்கும். "எல்லாம் உண்டு என்று" என்பது ஒரு பதிப்பில் `sabbamatthīti` என்று ஒரே சொல்லாக இருக்கும், இன்னொன்றில் `sabbaṃ atthīti` என்று பிரிந்து நிற்கும்.

அப்புறம் "பெய்யாலம்". திரும்ப வரும் பகுதிகளைச் சுருக்கி, நடுவில் `pe` என்று புள்ளிகளோடு அச்சிட்டிருப்பார்கள். பன்னிரண்டு கண்ணிச் சங்கிலி பல உரைகளில் இப்படிச் சுருங்கியிருக்கும். அந்தச் சுருக்கத்துக்குள் நீங்கள் தேடும் சொல் ஒளிந்திருந்தால் தேடுபொறிக்குத் தெரியாது. தேடலில் வரவில்லை என்பதால் அந்த உரையில் இல்லை என்று எழுதிவிடக்கூடாது, பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

இனி மறுபக்கம். வினைச்சொல் "கண்டுணர்ந்தார்" என்றே இருக்கிறது, முனைகளும் புலனின்பமும் உடல்வருத்தமும்தான். அப்போதாவது முதல் உரை என்று உறுதியாகச் சொல்லலாமா? இல்லை, இன்னும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. சங்யுத்த நிகாயம் 42.12இல் ராசியர் என்ற ஊர்த்தலைவர் வந்து, தவம் செய்பவர்கள் எல்லோரையும் கோதமர் பழிக்கிறார் என்கிறார்களே, உண்மையா என்று கேட்கிறார். அவருக்குச் சொல்லும் பதிலில் இந்த வாக்கியம் அப்படியே வருகிறது. விளி மட்டும் `gāmaṇi`, ஊர்த்தலைவரே. அதன்பின் உரை, செல்வத்தை எப்படிச் சம்பாதித்து எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதை வைத்து இல்லறத்தாரை வகைப்படுத்தும் பக்கம் திரும்பிவிடுகிறது. இல்லறத்தார் பற்றிய இந்தப் பேச்சு மேற்கோளுக்கு அருகில் இருந்தால் ராசியர்தான்.

இன்னொன்று மஜ்ஜிம நிகாயத்தின் 139ஆவது உரை, அரணவிபங்க சுத்தம். சச்சரவு இல்லாமல் வாழ்வதற்கான குறிப்புகளின் வரிசை இது. அவற்றில் முதலாவதாக, புலனின்பத்தை நாடக்கூடாது, உடலை வருத்துவதையும் நாடக்கூடாது என்று ஏவல் வடிவில் வருகிறது. முதல் உரையில் "இரண்டு முனைகள் உண்டு, அவை நாடத்தக்கவை அல்ல" என்று அறிவிப்பாக இருப்பது இங்கே "நாடாதீர்" என்ற அறிவுரையாக மாறுகிறது. புகழ்ச்சி, இகழ்ச்சி பற்றியும், மெதுவாகப் பேச வேண்டும் என்றும் அடுத்த குறிப்புகள் தொடரும். முதல் உரையிலோ எண்வழிப் பாதையைத் தொடர்ந்து நான்கு வாய்மைகள் வரும். பின்னால் வருவதைப் பார்த்தாலே பிரித்துவிடலாம்.

அங்குத்தர நிகாயத்தின் மூன்றன் தொகுதியிலும் நடுவழி என்று பெயர் சொல்லி ஓர் உரைத் தொடர் உண்டு. அங்கே வழிகள் மூன்று: பிடிவாதமாகப் புலன்களில் ஒட்டிக்கொள்வது, சுட்டெரிக்கும் தவம், நடுவழி. தொடரின் முதல் உரையில் அந்த நடுவழிக்கு விளக்கமாக வருவது நான்கு சதிபட்டானங்கள், அதாவது உடல், உணர்வு, உள்ளம், தம்மங்கள் ஆகியவற்றில் கவனம் வைத்தல். "முனை" என்ற சொல்லும் அங்கே இல்லை. இந்தத் தொகுதியின் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு சில இடங்கள் தள்ளிப் போவதால், எண்ணோடு எந்தப் பதிப்பு என்பதையும் எழுதிவிடுவது நல்லது.

வீணைக் கதையையும் சொல்லாமல் போக முடியாது. நரம்பை இறுக்கினால் அறுந்துவிடும், தளர்த்தினால் ஒலிக்காது என்ற வரி தமிழில் நடுவழிக்கான மேற்கோளாக ஓயாமல் சுற்றுகிறது. சித்தார்த்தர் கடுந்தவத்தில் இருந்தபோது யாரோ ஓர் இசைக்கலைஞர் சொன்னது காதில் விழுந்தது என்று கதையும் சேர்ந்துகொள்கிறது. பாலி நூல்களில் இந்த வீணை உவமை வருவது அங்குத்தர நிகாயம் 6.55இலும் விநயத்தின் மகாவக்கத்திலும், புத்தரின் விழிப்புக்குப் பிறகு. ராஜகிருகத்தில் சோணர் என்ற துறவி அளவுக்கு மீறி முயன்று சோர்ந்து, வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று நினைக்கிறார். முன்பு வீணை வாசித்தவர் அவர். நரம்பு மிக இறுக்கமாக இருந்தபோது உன் வீணை இனிமையாக ஒலித்ததா, மிகத் தளர்ந்திருந்தபோது ஒலித்ததா என்று புத்தர்தான் கேட்கிறார். அறுந்துபோவது பற்றிய பேச்சு இல்லை. நடுவழி என்ற தொடரும் இல்லை. அங்கே பேசப்படுவது முயற்சியின் சமநிலை. பொருள் நடுவழிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது வேறு விஷயம். மேற்கோளுக்கு இடம் சொல்லும்போது சோணருக்குச் சொன்னது என்று எழுதுவதே சரி.

திரிபிடகத்துக்கு உள்ளேயே ஒரு மேற்கோளைச் சுற்றி இப்படி ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது, அங்குத்தர நிகாயம் 6.61. இடம், வேடிக்கையாக, முதல் உரை நிகழ்ந்த அதே இசிபதனம். உணவுக்குப்பின் மூத்த துறவிகள் கூடியிருக்கும்போது ஒரு செய்யுள் வரி எழுகிறது: இரு முனைகளையும் அறிந்து, நடுவிலும் ஒட்டாதவனையே மாமனிதன் என்பேன். அதைப் பகவான் பாராயனத்தில் மெத்தேய்யரின் கேள்விக்குப் பதிலாகச் சொன்னார் என்று இடத்தையும் அவர்களே சேர்த்துச் சொல்கிறார்கள். பாராயனம் இன்றைக்குச் சுத்தநிபாதத்தின் கடைசிப் பகுதி. பிறகு எது ஒரு முனை, எது மறு முனை, எது நடு என்று ஆறு பேர் ஆறு விளக்கம் தருகிறார்கள். முடிவு தெரியாமல் புத்தரிடமே போகிறார்கள். எல்லோரும் நன்றாகவே சொன்னீர்கள், ஆனால் நான் நினைத்துச் சொன்னது இது என்று அவர் முதல் துறவியின் விளக்கத்தையே தருகிறார்: தொடுகை ஒரு முனை, தொடுகையின் தோற்றம் மறு முனை, தொடுகையின் மறைவு நடு.

இந்த வரியை நடுவழிக்கான சான்றாகக் காட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது, இதில் நடுவிலும் ஒட்டக்கூடாது என்றிருப்பது. தேடுபவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. சுத்தநிபாதத்தில் அந்த வரி `so ubhantamabhiññāya` என்று தொடங்குகிறது, துறவிகள் சொல்லும் வடிவத்திலோ `yo ubhonte viditvāna`. முதல் பாதியைத் தேடினால் ஒன்று கிடைத்து மற்றது நழுவிவிடும். இரண்டிலும் மாறாத பகுதி `majjhe mantā na lippati`, தேடலுக்கு அதைத்தான் எடுக்க வேண்டும்.

தொடக்கத்தில் எடுத்த வரிக்கு என்ன எழுதுவது? முனைகள் இல்லை, விளி இல்லை, பின்னே வரும் சங்கிலியும் இல்லை, வெறும் அந்த ஒரு வாக்கியம்தான் கையில் இருக்கிறது என்றால், "சங்யுத்த நிகாயம், நிதான சங்யுத்தம், பல உரைகளில் வரும் வாக்கியம், எடுத்துக்காட்டாக 12.15" என்று எழுதலாம். அதைவிடத் துல்லியமான ஓர் எண்ணை அந்த வாக்கியம் தாங்காது.